போட்டோவில் இருக்கும் காந்தள், தாளில் வரவேண்டிய காந்தள்

செங்காந்தள் பூவின் போட்டோ ஏதாவது உங்கள் கைப்பேசியில் இருந்தால் திறந்து, அதில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகளை எண்ணிப் பாருங்கள். எல்லாம் தெளிவாகத் தெரிகிற படம் என்றால் ஏழு வரும். ஆனால் அந்தப் பூவுக்கு மகரந்தத்தாள்கள் ஆறுதான். ஏழாவது குச்சி மகரந்தத்தாள் அல்ல, சூலகத்தண்டு. பெரும்பாலான பூக்களில் அது நடுவில் நேராக நிற்கும். காந்தளிலோ சூற்பையை விட்டுக் கிளம்பியதுமே ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, மகரந்தத்தாள்களோடு ஒன்றாகப் பக்கவாட்டில் நீண்டுவிடும். நீளமும் கிட்டத்தட்ட அவற்றின் நீளம்தான். போட்டோவை அப்படியே தாளில் நகலெடுப்பவர் ஏழு மகரந்தத்தாள்களை வரைந்துவிட்டு, பெயர் எழுதும்போது சூலகத்தண்டைக் காணாமல் திண்டாடுவார்.

ஒரு செடியின் போட்டோவிலிருந்து, பாகங்களின் பெயர் குறித்த மைக்கோட்டு ஓவியம் ஒன்றை உருவாக்குவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஏழாவது குச்சியில் அடங்கிவிடுகிறது. கேமராவுக்கு வெளிச்சம் விழுந்த இடமும் விழாத இடமும்தான் தெரியும். எது எதிலிருந்து முளைத்தது, எது எதற்குப் பின்னால் போகிறது என்பது அதற்குத் தெரியாது. தாவர ஓவியத்தின் வேலையே அதைச் சொல்வதுதான். கை எவ்வளவு பழகியிருந்தாலும், இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் போட்ட கோடு பொய்யாகிவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை இந்தியச் செடிகளின் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அந்தத் தொகுதிக்கு வரைந்த இந்திய ஓவியர்களில் ரங்கையா, கோவிந்து என்ற இருவரின் பெயர்கள் நமக்குத் தெரியும். கோவிந்துவின் பெயரை வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். நம் காலத்துக்கு அருகில் பார்க்க வேண்டுமென்றால், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தில் அருட்தந்தை கே.எம். மேத்யூ உருவாக்கிய தமிழகத் தாவரப் படத்தொகுதி 1982இல் வெளிவந்தது. அத்தனையும் கறுப்பு மைக் கோடுகள். வண்ணம் இல்லாமலே ஒரு செடியை அதன் அண்டைச் செடியிலிருந்து பிரித்துக் காட்ட முடியும் என்பதற்கு அந்தப் பக்கங்களை விடச் சான்று வேண்டாம். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் செடி இருந்தது. நமக்கு முன்னால் இருப்பது போட்டோ. அதனால் நாம் கூடுதலாகச் சில விஷயங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது.

பட்டியல் முதலில்

வழக்கமாக எல்லோரும் படத்தை வரைந்து முடித்துவிட்டுக் கடைசியில் பெயர் எழுதுவார்கள். என் கருத்தில் அது தலைகீழான முறை. பென்சிலைத் தொடுவதற்கு முன்பே, படத்தில் எந்தெந்தப் பெயர்கள் வரப்போகின்றன என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். பிறகு அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவில் ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். காட்ட முடியாத பாகம் இருந்தால், வரைவதற்கான நேரம் இன்னும் வரவில்லை, இன்னொரு போட்டோ தேவை என்று பொருள்.

காந்தளுக்கு இந்தப் பட்டியலைப் போட்டுப் பார்ப்போம். மேலிருந்து தொடங்கினால் முதலில் பூக்காம்பு. பூ தலைகீழாகத் தொங்குவதால் காம்பு மேலே இருக்கும். அடுத்தது பூவிதழ்கள், மொத்தம் ஆறு. பள்ளியில் படித்த பழக்கத்தில் வெளியே இருப்பதைப் புல்லி என்றும் உள்ளே இருப்பதை அல்லி என்றும் இங்கே பிரிக்கக் கூடாது. ஆறும் ஒரே நிறம், ஒரே வடிவம். வெளிவட்டத்தில் மூன்று, உள்வட்டத்தில் மூன்று என்பதோடு சரி. எல்லாவற்றுக்கும் பூவிதழ் என்ற ஒரே பெயர்தான். பிறகு மகரந்தக்கம்பி, அதன் முனையில் மகரந்தப்பை. நடுவில் பச்சையாகத் தொங்கும் சூற்பை. அதன் நுனியிலிருந்து மடங்கிப் போகும் சூலகத்தண்டு. அதன் முனையில் மூன்றாகப் பிளந்த சூலகமுடி. செடியின் பக்கம் வந்தால் இலை, மொட்டு, இலையின் நுனியே சுருண்டு உருவாகிற பற்றுக்கம்பி.

இந்தப் பட்டியலோடு போட்டோவுக்குத் திரும்பினால் ஏழாவது குச்சியின் புதிர் அவிழ்ந்துவிடுகிறது. ஒவ்வொரு குச்சியின் முனையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஆறின் முனையில் மகரந்தப்பை குறுக்காக உட்கார்ந்திருக்கும். ஒன்றின் முனை மட்டும் மெல்லிய மூன்று கிளைகளாகப் பிரிந்திருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் அடிப்பக்கம் போங்கள். மகரந்தக்கம்பிகள் சூற்பைக்கு வெளியே, பூவிதழ்களின் அடியருகே தொடங்குகின்றன. சூலகத்தண்டு சூற்பையின் நுனியிலிருந்தே தொடங்குகிறது. போட்டோவில் அந்த அடிப்பகுதி மங்கலாக இருந்தால், அந்தப் போட்டோவை வைத்து இந்தப் பூவை வரைய முடியாது. வேறு போட்டோ எடுங்கள்.

எத்தனை போட்டோ, எவ்வளவு தூரத்தில்

பூவின் அழகுக்காக எடுக்கும் போட்டோ பெரும்பாலும் மிக அருகிலிருந்து எடுத்ததாக இருக்கும். ஓவியத்துக்கு அதுவே முதல் கேடு. காரணத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். விரிந்த காந்தளின் மகரந்தத்தாள்கள் முன்னும் பின்னுமாக எட்டு சென்டிமீட்டர் அளவுக்குப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கைப்பேசியைப் பூவின் நடுவிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் பிடித்தால், முன்னால் நீளும் மகரந்தப்பை லென்சிலிருந்து 11 செ.மீ. தூரத்தில் இருக்கும். பின்னால் இருப்பது 19 செ.மீ. தூரத்தில். ஒரே அளவுள்ள இரண்டு பைகளில் முன்னது பின்னதைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு பெரிதாகப் பதியும். அதே பூவை 60 செ.மீ. தள்ளி நின்று, கேமராவில் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கி எடுத்தால் தூரங்கள் 56, 64 ஆகிவிடும். வித்தியாசம் ஏழில் ஒரு பங்குதான். பிறகு கண்ணாலேயே திருத்திக்கொள்ளலாம். எனவே எட்டி நின்று, பெரிதாக்கி எடுப்பதே வழி.

பூவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அளவுகோல் இருக்க வேண்டும். அதைப் பூவுக்கு முன்னாலோ பின்னாலோ பிடித்தால் மேலே சொன்ன கணக்கு அளவுகோலையும் ஏமாற்றிவிடும். நீங்கள் அளக்க விரும்பும் பாகம் எந்தத் தளத்தில் இருக்கிறதோ அதே தளத்தில், கேமராவுக்கு நேர்ப்பக்கமாகப் பிடிக்க வேண்டும். இதழின் நீளம் வேண்டும் என்றால் அளவுகோல் இதழின் ஓரத்தில் வர வேண்டும்.

முதன்மைப் படம் பக்கவாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். காந்தள் தொங்கும் பூ. இதழ்கள் பின்னோக்கி மடங்கி மேலே எழும்பி நிற்கும். அதனால் சூற்பையும் மகரந்தத்தாள்களும் எதனாலும் மறைக்கப்படாமல் கீழே வெளிப்பட்டிருக்கும். பக்கவாட்டுப் பார்வையில்தான் இந்த அமைப்பு முழுதாகப் புரியும். இரண்டாவது, நேர் கீழேயிருந்து மேல்நோக்கி எடுத்த படம். ஆறு மகரந்தத்தாள்கள் எந்தெந்தத் திசையில் போகின்றன என்பதற்கு அது வரைபடம்போல் உதவும். மூன்றாவது இலையும் அதன் சுருளும். எல்லா இலையிலும் சுருள் இருக்காது, அடிப்பக்க இலைகளை நம்பிப் போகாமல் மேற்பக்க இலை ஒன்றைப் பிடியுங்கள். நான்காவது மொட்டு. சூற்பைக்கு மட்டும் தனியாக ஒரு நெருக்கப் படம். முடிந்தால் மேகமூட்டமான நாளில் எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் ஒரு இதழின் நிழல் இன்னொரு இதழின்மேல் கறுப்பாக விழுந்து, இல்லாத ஒரு விளிம்பை உண்டாக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் நம் ஊர்களில் அழைக்கப்படும் செடி இதுதான். கால்சிசின் என்ற நச்சு இதன் எல்லாப் பாகங்களிலும் உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். படத்துக்காகக் கிழங்கைத் தோண்ட வேண்டாம். பூவைத் தொட்டு ஆராய்ந்தால் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

பென்சில் கோடு: தீர்ப்பு சொல்லும் இடம்

இனி வரைவோம். போட்டோவில் அளவுகோலை வைத்து, அச்செடுக்கும்போது பூ உண்மை அளவைப் போல ஒன்றரை மடங்கு வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஆறு செ.மீ. இதழ் தாளில் ஒன்பது செ.மீ. நீளத்தில் வரும். பெரிதாக வரைந்து அச்சில் சிறிதாக்குவது இந்தத் துறையின் பழைய உத்தி. கையின் சிறு நடுக்கங்கள் அதில் அடங்கிவிடும்.

அச்செடுத்த தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே டிரேசிங் தாள் வைத்து எல்லைக் கோடுகளை எடுக்கலாம். அதைத் திருப்பி, பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் தேய்த்து, நல்ல தாளில் வைத்து மீண்டும் கோட்டின் மேல் ஓட்டினால் வடிவம் இறங்கிவிடும். கார்பன் தாள் வேண்டாம். அதன் கோடு அழியாது, அதன் பிசுக்கு மையையும் சரியாகப் பிடிக்க விடாது. தாள் வழவழப்பாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். வாட்டர்கலருக்கான சொரசொரப்புத் தாளில் நுண்பேனாவின் முனை தட்டுத் தடுமாறும்.

டிரேஸ் எடுப்பது தப்பா என்று சிலர் கேட்பார்கள். தப்பே இல்லை. ஆனால் டிரேஸ் எடுத்ததோடு நிற்பது தப்பு. அந்தத் தாளில் இருப்பது இன்னும் கேமராவின் சாட்சியம்தான். அதை விசாரித்துத் தீர்ப்பெழுத வேண்டியவர் நீங்கள்.

காந்தளில் விசாரிக்க வேண்டியது மூன்று இடங்களில். முதலாவது மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை. பக்கவாட்டுப் படத்தில் ஒன்று பெரும்பாலும் சூற்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை எங்கே தேடுவது? இந்தப் பூவில் ஒவ்வொரு இதழுக்கும் நேராக ஒரு மகரந்தத்தாள் நிற்கிறது. ஆறு இதழ், ஆறு தாள், அடிப்பகுதியில் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய அறுபது பாகை இடைவெளி. எந்த இதழுக்கு எதிரே தாள் தெரியவில்லையோ, அந்த இதழின் அடியில்தான் அது தொடங்கியாக வேண்டும். கீழிருந்து எடுத்த போட்டோ அதை உறுதிசெய்யும். வரையும்போது அதை வலிந்து முன்னால் இழுத்துவர வேண்டியதில்லை. மறைந்ததை மறைவாகவே விட்டு, அதன் முனை எங்கே எட்டிப்பார்க்கிறதோ அங்கே காட்டினால் போதும்.

இரண்டாவது மகரந்தப்பையின் நீளம். இந்தப் பைகள் கம்பியின் முனையில் நடுமுதுகில் மட்டும் ஒட்டிக்கொண்டு, காற்றுக்கு ஆடும்படி இருக்கின்றன. அதனால் போட்டோவில் ஒன்று நீளமாகவும், நம்மை நோக்கித் திரும்பிய இன்னொன்று குட்டையாகவும் தெரியும். குட்டையாகத் தெரிவதை அப்படியே வரைந்தால், வளராத பை என்று பார்ப்பவர் நினைப்பார். ஆறில் எது கேமராவுக்கு முழுப் பக்கமும் காட்டிக் கிடக்கிறதோ அதன் நீளத்தை எடுத்துக்கொண்டு, கேமராவை நோக்கித் திரும்பியவற்றில் ஒன்றிரண்டைச் சற்றே திருப்பி வரைந்துகொள்ளலாம். தாவர ஓவியருக்கு இந்த உரிமை உண்டு. எண்ணிக்கையையும் ஒட்டுமிடத்தையும் மாற்றும் உரிமை கிடையாது.

மூன்றாவது இதழின் அலை விளிம்பு. நுனியை நோக்கி எழும்பும் இதழின் ஓரம் நெளிநெளியாக மடிந்திருக்கும். டிரேஸ் எடுத்த கோட்டில் இது வெறும் பல்வரிசைபோல் வந்து நிற்கும். நெளிவு என்பது தட்டையான ஓரத்தில் வெட்டிய பல் அல்ல, முன்னும் பின்னும் மடிகிற பரப்பு. ஒவ்வொரு நெளிவிலும் விளிம்புக் கோடு எங்கே இதழின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் புரள்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு கோடு முடிந்து இன்னொரு கோடு அதற்குப் பின்னாலிருந்து புறப்படும்படி வரைய வேண்டும். இதில் செலவிடும் நேரம் வீண்போகாது. காந்தளைக் காந்தள் என்று தூரத்திலிருந்தே சொல்லவைப்பது அந்த விளிம்புதான்.

இலை சுலபம். நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடி நுனியில் குவிகின்றன. வலைபோல் குறுக்கு நரம்பு போடாதீர்கள், அது வேறு குடும்பத்துச் செடியாகிவிடும். பற்றுக்கம்பி இலையின் நுனியில் ஒட்டவைத்த ஸ்பிரிங் அல்ல. இலை குறுகிக் குறுகிப் போய் அதுவே சுருள்கிறது. எனவே இலையின் இரு விளிம்புகளும் அறுபடாமல் சுருளுக்குள் போக வேண்டும்.

மை

மைப் பேனாக்களில் 005, 01, 03, 05 என்று எண் போட்டவை கடைகளில் கிடைக்கும். பிக்மா மைக்ரான் வகையில் அவை முறையே 0.20, 0.25, 0.35, 0.45 மில்லிமீட்டர் கோடு போடும். தண்ணீரில் கரையாத மையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இந்தியன் இங்க்கைத் தொட்டு எழுதும் முள் பேனாதான் இன்னும் உயிருள்ள கோட்டைத் தரும் என்று சொல்பவர்கள் உண்டு, உண்மையும்கூட. அழுத்தத்துக்கு ஏற்பத் தடித்து மெலியும். ஆனால் பழக நாளாகும்.

படத்தை அச்சில் மூன்றில் இரண்டு பங்காகச் சிறிதாக்கினால் 0.20 மி.மீ. கோடு 0.13 ஆகும். பார்க்க முடியும். அதே படத்தை யாராவது மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டால் 0.07 ஆகி, அச்சில் உடைந்தும் மறைந்தும் போகும். எந்த அளவில் அச்சாகப் போகிறது என்று தெரிந்துகொண்டு பேனாவை எடுப்பது நல்லது. பொதுவாக வெளி எல்லைக்கு 03, உள்ளே வரும் மடிப்புக்கும் நரம்புக்கும் 01, புள்ளிக்கு 005 என்பது போதும்.

முன்னால் இருப்பதை முதலில் மைபோடுங்கள். ஆறு தாளும் சூலகத்தண்டும் குறுக்கும் நெடுக்கும் போகும் இந்தப் பூவில் இது முக்கியம். பின்னால் போகும் கம்பியின் கோடு, முன்னால் இருக்கும் கம்பியைத் தொடுவதற்கு முடியளவு முன்பே நிற்க வேண்டும். மறுபக்கத்தில் முடியளவு விட்டுத் தொடங்க வேண்டும். அந்த வெள்ளை இடைவெளிதான் எது மேலே எது கீழே என்று கண்ணுக்குச் சொல்கிறது. இது இல்லாவிட்டால் ஏழு குச்சிகளும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்டு வலையாகிவிடும்.

அடுத்து நிழல். இங்கேதான் போட்டோ நம்மை மறுபடியும் ஏமாற்றப் பார்க்கும். புதிதாக விரிந்த காந்தளில் இதழின் அடி மஞ்சள், மேற்பாதி சிவப்பு. நாளாக ஆக முழுவதும் சிவந்துவிடும். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கினால் மஞ்சள் வெளுத்தும் சிவப்பு கறுத்தும் நிற்கும். அந்தக் கறுப்பை நிழல் என்று நம்பிப் புள்ளி வைத்தால், இதழின் மேற்பாதி உட்குழிந்ததுபோல் ஆகிவிடும். மைக்கோட்டு ஓவியத்தில் புள்ளி வடிவத்தைச் சொல்வதற்கு, நிறத்தைச் சொல்வதற்கு அல்ல. வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருவதாக வைத்துக்கொள்வது தாவர ஓவியத்தில் நெடுநாள் மரபு. போட்டோவில் வெளிச்சம் எங்கிருந்து வந்திருந்தாலும் கவலையில்லை. ஒவ்வொரு நெளிவிலும் இடமேல் பக்கத்து முகட்டை வெள்ளையாக விட்டு, பள்ளத்தில் புள்ளியைக் கூட்டுங்கள்.

புள்ளி வைப்பதில் விதி சிறியது, பொறுமைதான் பெரியது. பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, தொட்டு, தூக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் புள்ளிக்கு வால் முளைக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, இடைவெளியை மட்டும் மாற்றி அடர்த்தியைக் கொண்டுவர வேண்டும். வரிசையாக வைத்தால் கண் அதைக் கோடாகப் படித்துவிடும். முதல் சுற்றில் நிழல்பகுதி முழுக்க அரிதாகத் தூவுங்கள். பிறகு எழுந்துபோய் ஒரு கை தூரத்தில் தாளைப் பிடித்துப் பாருங்கள். போதாத இடத்தில் மட்டும் கூட்டுங்கள். கூட்ட முடியும், குறைக்க முடியாது. தவறி விழுந்த புள்ளியை, மை நன்றாகக் காய்ந்த பிறகு பிளேடின் நுனியால் மெல்லச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கலாம். கனமான தாளில் மட்டுமே இது முடியும்.

பென்சில் கோட்டை அழிக்க அவசரப்படாதீர்கள். ஈர மை ரப்பரோடு இழுபட்டால், அதுவரை செய்ததெல்லாம் கறுப்புப் புகையாகிவிடும்.

பெயரும் அளவும்

பெயர்க் கோடுகளை மூல ஓவியத்தின்மேல் நேரடியாகப் போடாதீர்கள். மேலே ஒரு டிரேசிங் தாளை ஒட்டி அதில் போடுங்கள், அல்லது ஸ்கேன் செய்த பிறகு கணினியில் சேருங்கள். நாளை யாராவது ஒரு பெயரைத் திருத்தச் சொன்னால் படம் தப்பிக்கும். ஸ்கேனில் 600 டிபிஐக்குக் குறையக் கூடாது, கோட்டோவியத்துக்கு 1200 இன்னும் நல்லது. ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அழுக்கு படியும். டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் வையுங்கள்.

கோடு மெல்லியதாக, நேராக, அம்புமுனை இல்லாமல் இருக்கட்டும். முனை பாகத்தின் அருகில் நிற்காமல் அதற்குள் போய் நிற்க வேண்டும். மகரந்தக்கம்பிக்கும் சூலகத்தண்டுக்கும் கோடு போடும்போது இது உயிர்நாடி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் பெயர் மாறிப் போகும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. பெயர்களை இரு ஓரங்களிலும் கிடையாக, ஒரே நேர்வரிசையில் எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். அப்படியும் இடம் நெருக்கினால் பெயருக்குப் பதில் எண் போட்டு, கீழே விளக்கம் தரலாம்.

அளவைக் குறிக்க ‘×1.5’ என்று எழுதுவதைவிட ஒரு அளவுக்கோடு வரைவது மேல். நம் படத்தில் உண்மையான 2 செ.மீ. என்பது தாளில் 3 செ.மீ. கோடாக இருக்கும், மேலே ‘2 செ.மீ.’ என்று எழுதியிருப்போம். பத்திரிகை அதை மூன்றில் இரண்டு பங்காகச் சிறிதாக்கினால் கோடும் கூடவே சுருங்கி 2 செ.மீ. ஆகிவிடும், சொன்ன சொல் மாறாது. ‘×1.5’ என்ற எண் மட்டும் அங்கேயே நின்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும். சூற்பையைத் தனியாகப் பெரிதாக்கி வரைந்தால் அதற்குத் தனி அளவுக்கோடு வேண்டும்.

போட்டோ தராதது

போட்டோவில் இல்லாததை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. காந்தளின் சூற்பையைக் குறுக்காக வெட்டினால் மூன்று அறைகள் தெரியும், ஒவ்வொன்றிலும் நடு அச்சை ஒட்டிச் சூல்கள் இருக்கும். பாடநூலில் இந்தப் படம் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுத்து உங்கள் படத்தின் மூலையில் போட்டுவிட்டால், அந்த மூலை மட்டும் உங்கள் பூ அல்ல. பிளேடால் ஒரு பூவை நீங்களே வெட்டி, கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சூற்பை ஒரு சென்டிமீட்டர் அளவுதான் என்றாலும் அறைகள் தெரியும். வெட்ட முடியாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். பல போட்டோக்களிலிருந்து பாகங்களை எடுத்து ஒரே படமாக அமைத்திருந்தால் அதைக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுவது மரியாதை. போட்டோ இன்னொருவர் எடுத்தது என்றால், டிரேஸ் எடுக்கும் முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். மையில் வரைந்துவிட்டதால் அது உங்களுடையதாகிவிடாது.

ஒரு பொத்தானை அழுத்தினால் போட்டோவைக் கோட்டோவியமாக்கும் வடிகட்டிகள் கைப்பேசியில் நிறையக் கிடைக்கின்றன. வாழ்த்து அட்டைக்கு அவை நல்லவை. வெளிச்சம் மாறும் இடத்திலெல்லாம் அவை கோடு போடுகின்றன. காந்தளில் மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்கும் இடத்தில் இதழுக்குக் குறுக்கே ஒரு கோடு வந்துவிடும், அங்கே எந்த விளிம்பும் இல்லை. பச்சை இலைக்கு முன்னால் இருக்கும் பச்சைச் சூற்பைக்கு எல்லையே இல்லாமல் போகும், அங்கேதான் விளிம்பு இருக்கிறது. பாகங்களின் பெயர் எழுதப்போகும் படத்துக்கு அதை நான் பயன்படுத்த மாட்டேன்.

மழைக்காலத்தில் நம் வேலிகளிலும் காட்டோரங்களிலும் காந்தள் பூக்கிறது. பறிக்க வேண்டாம், தோண்ட வேண்டாம். ஒரு சிறு அளவுகோலோடு போய், பக்கவாட்டில் ஒன்று, கீழிருந்து ஒன்று, சூற்பைக்கு ஒன்று, இலைச்சுருளுக்கு ஒன்று, மொட்டுக்கு ஒன்று என்று எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குச்சிகளை எண்ணுங்கள்.